வட்ஸ்அப் குழுவில் நிர்வாக சபைத் தெரிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் இயங்கும் ஒரு பழைய மாணவர் சங்கக் கிளைக்கு மூன்று முறை தெரிவத்தாட்சி அலுவலராக இருந்துவிட்டேன். முதல் முறை 2020இல். ஊரடங்கு, மண்டபம் இல்லை, கூட்டம் இல்லை. குழுவிலேயே ஆளாளுக்குப் பெயரைத் தட்டச்சு செய்தார்கள். இரண்டாவது முறை வட்ஸ்அப்பின் போல் எனும் வாக்கெடுப்பு வசதியை நம்பினோம். மூன்றாவது முறைதான் ஓரளவு ஒழுங்காக நடந்தது, அதிலும் ஒரு சிக்கல் வந்தது. வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வாங்கும்போதுகூட மறித்துக் கேட்கிறார்கள் என்பதால், கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைக்கிறேன்.

1. எங்கட யாப்பில வட்ஸ்அப் எண்டு ஒரு சொல்லும் இல்லை. இப்பிடித் தெரிவு செய்தா செல்லுமோ?

யாப்பை எடுத்துத் தெரிவு பற்றிய பிரிவை ஒருமுறை வாசியுங்கள். "ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் சமுகமளித்திருக்கும் அங்கத்தவர்களால்" என்று எழுதியிருந்தால், குழுவில் போட்ட வாக்கு தனியே நின்று செல்லாது. தோற்றவர் ஒருவர் அந்த ஒரு வரியைத் தூக்கிக் காட்டினால் முழுத் தெரிவும் கவிழும். "அங்கத்தவர்களால் தெரிவு செய்யப்படுவர்" என்று மட்டும் இருந்தால் இடம் இருக்கிறது. அப்போதும் நடைமுறையை நிர்வாக சபை தீர்மானமாக எழுதிக் குறிப்பேட்டில் சேர்த்த பிறகே தொடங்குங்கள்.

எங்களுடையது முதலாவது வகை. அதனால் குழுவில் வாக்கெடுப்பை நடத்தி, வந்த பெயர்களை அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒருவர் பிரேரிக்க, இன்னொருவர் ஆமோதிக்க, சபை ஏற்றுக்கொண்டது. கூட்டம் அரை மணித்தியாலத்தில் முடிந்தது. அதே கூட்டத்திலேயே யாப்புத் திருத்தத்தையும் நிறைவேற்றினோம். திருத்தத்துக்கு எத்தனை பங்கு பெரும்பான்மை, எத்தனை நாள் முன்னறிவித்தல் என்பதும் உங்கள் யாப்பிலேயே இருக்கும்.

2. குறூப்பில இருக்கிற எல்லாரும் வாக்குப் போடலாம்தானே?

இல்லை. குழு வேறு, அங்கத்துவப் பதிவேடு வேறு. எங்கள் குழுவில் 163 இலக்கங்கள் இருந்தன. சந்தா கட்டிய அங்கத்தவர் 112 பேர், அவர்களில் குழுவில் இருந்தவர்கள் 103 பேர். மிச்ச 60 இலக்கங்கள் யாருடையவை என்று தேடிப்பார்த்தபோது சிரிப்புத்தான் வந்தது. ஒரே ஆளின் இலங்கை இலக்கமும் கனடா இலக்கமும், சில மனைவிமார், சந்தா விட்டுப்போனவர்கள், பம்பலப்பிட்டியில் கேக் விற்கும் ஒருவர்.

ஆகவே பெயர்ப் பிரேரணைக்கு முன்பே வாக்காளர் பட்டியலை மூடுங்கள். பெயர், அங்கத்துவ இலக்கம், எந்தத் தொலைபேசி இலக்கத்திலிருந்து வாக்கு வரும் என்ற மூன்றும் அதில் வேண்டும். தொலைபேசி இலக்கங்கள் அலுவலரிடம் இருந்தால் போதும், பெயரையும் அங்கத்துவ இலக்கத்தையும் மட்டும் குழுவில் போட்டு மூன்று நாள் ஆட்சேபத்துக்கு விடுங்கள். சந்தா கட்டாதவர் கட்டி உள்ளே வருவதற்கும் அதுவே கடைசி நாள். வேட்பாளர் யார் என்று தெரிந்த பிறகு பட்டியலைத் திறந்து வைத்திருந்தால், ஒருவர் தன் ஆட்கள் பத்துப் பேருக்குச் சந்தா கட்டிவிடுவார்.

3. பேரை ஆர் சொல்றது? ஒருத்தர் சொல்ல மற்றவர் தம்ஸ்அப் போட்டா ஆமோதிச்சதுதானே?

தம்ஸ்அப்பை நாங்கள் ஏற்பதில்லை. அது "வாசித்தேன்" என்பதற்கும் விழும், "சரி" என்பதற்கும் விழும், பேரப்பிள்ளையின் விரல் பட்டும் விழும். பிரேரிப்பவர் பதவியையும் முழுப் பெயரையும் எழுத வேண்டும். ஆமோதிப்பவர் அந்தச் செய்திக்கே பதிலாக "ஆமோதிக்கிறேன்" என்று எழுத வேண்டும். பிறகு மூன்றாவதாக, பிரேரிக்கப்பட்டவர் தன் வாயால் "சம்மதம்" என்று எழுத வேண்டும். இந்த மூன்றும் இல்லாத பெயர் பட்டியலுக்குப் போகாது.

சம்மதம் ஏன் என்றால், கேட்காமல் ஆளைக் கோர்த்துவிடுவது எங்கள் சனத்தின் பழக்கம். 2020இல் ஒரு அண்ணையைப் பொருளாளராகப் பிரேரித்து, ஆமோதித்து, கைதட்டல் படங்கள் நாற்பது விழுந்து, வாழ்த்தும் சொல்லி முடித்தாகிவிட்டது. அவர் அறிவித்தலை முடக்கி வைத்திருந்தவர். நான்கு நாள் கழித்துத் திறந்து பார்த்துவிட்டு "என்ன விளையாட்டு இது" என்று கேட்டார். திரும்ப முதலிலிருந்து தொடங்கினோம்.

பிரேரணைகளை ஒவ்வொரு நாளும் இரவில் அலுவலர் ஒரே செய்தியாகத் தொகுத்துப் போட வேண்டும். குழுவில் தான் போட்ட செய்தியை Delete for everyone கொடுத்து எவரும் எடுத்துவிட முடியும், அனுப்பிய பதினைந்து நிமிடத்துக்குள் திருத்தவும் முடியும். தொகுப்பு இருந்தால் "நான் அப்படிப் பிரேரிக்கவேயில்லை" என்ற கதைக்கு இடமில்லை. பெயரை மீளப் பெறுவதற்குத் தனியாக ஒரு நாள் விடுங்கள். அதன் பிறகு விலகினாலும் பெயர் வேட்பாளர் பட்டியலில் நிற்கும்.

4. குறூப்பில ஒரு போல் போட்டா ரெண்டு நிமிசத்தில முடியிற வேலை. ஏன் இவ்வளவு சுத்தி வளைக்கிறீங்கள்?

இரண்டாவது முறை நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். வாக்கு இருபதைத் தாண்டியதும் ஒருவர் View votes ஐத் தொட்டுப் பார்த்திருக்கிறார். யார் யாருக்குப் போட்டார்கள் என்று பெயரோடு வரிசையாகத் தெரிந்தது. அரை மணித்தியாலத்தில் ஒரு வேட்பாளரின் மச்சான் தொலைபேசி எடுக்கத் தொடங்கினார். "உங்கட பேர் மற்றப் பக்கம் கிடக்குது, தெரியாமல் அமத்திப்போட்டியளோ?" போலில் போட்ட வாக்கை மாற்றவும் முடியும் என்பதால் ஆறேழு பேர் மாற்றினார்கள். எண்ணிக்கை கண்ணுக்கு முன்னாலேயே ஏறி இறங்கியது. கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பது போலச் சனம் பார்த்துக்கொண்டிருந்தது.

இதோடு பட்டியலில் இல்லாதவர்களும் அமத்தலாம், அவர்களைத் தடுக்க வழியில்லை. போலுக்குப் பிறகு குழுவுக்குள் வந்தவருக்கோ அது தெரியவே இல்லை. வட்ஸ்அப் வசதிகள் அடிக்கடி மாறுகின்றன. உங்கள் போனில் புதிதாக ஏதாவது இருந்தால் மூன்று பேர் கொண்ட சிறு குழுவில் ஒத்திகை பார்த்துவிட்டுப் பேசுங்கள். ஒன்றுகூடலை ஞாயிறு வைப்பதா போயா நாளில் வைப்பதா என்று கேட்பதற்குப் போல் நல்ல சாமான். ஆள் தெரிவுக்கு வேண்டாம்.

5. அப்ப வாக்கை எங்க, எப்பிடி அனுப்புறது?

குழு அறிவித்தலுக்கு மட்டும். வாக்கெடுப்பு நாட்களில் நிர்வாகிகள் மட்டும் எழுதலாம் என்று குழுவை மாற்றிவிடுங்கள், பிரசாரமும் பிழையாகக் குழுவில் விழும் வாக்கும் இரண்டும் நிற்கும். வாக்கு தனிச் செய்தியாக ஒரு இலக்கத்துக்குப் போக வேண்டும். நாங்கள் அதற்கென்றே ஒரு புதுச் சிம் வாங்கிப் பழைய போன் ஒன்றில் போட்டோம். அலுவலரின் சொந்தப் போனுக்கு வந்தால் கலியாண வீட்டுப் படங்களுக்குள் வாக்கைத் தேட வேண்டும்.

வேட்பாளர்களுக்கு இலக்கம் கொடுங்கள். பெயரைத் தட்டச்சு செய்யச் சொன்னால் ஒருவர் தமிழில் எழுதுவார், ஒருவர் இங்கிலிஷில் எழுதுவார், இன்னொருவர் "எங்கட சிவா" என்று எழுதுவார். எங்கள் பட்டியலில் சிவா மூன்று பேர். செய்தி இவ்வளவுதான்:

அங்கத்துவ இலக்கம் 047
செயலாளர் 2
பொருளாளர் 1

அலுவலர் ஒவ்வொன்றுக்கும் "கிடைத்தது" என்று ஒரு சொல் மட்டும் பதில் அனுப்ப வேண்டும். அந்தப் பதில் வராதவர் தொலைபேசி எடுத்துக் கேட்கட்டும். ஒருவர் இரண்டு முறை அனுப்பினால் எதை எண்ணுவது என்பதையும் முதலிலேயே அறிவியுங்கள். நேரம் முடிவதற்கு முன் வந்த கடைசிச் செய்தியை எண்ணுவது எங்கள் விதி.

6. "ஞாயிறு நள்ளிரவு 12 வரை" எண்டு போட்டிருக்கிறீங்கள். அது சனி இரவோ, ஞாயிறு இரவோ?

கேட்டவர் சரியாகத்தான் கேட்டார். நள்ளிரவு 12 என்று எழுதவே எழுதாதீர்கள். "ஞாயிற்றுக்கிழமை இரவு 9.00, இலங்கை நேரம்" என்று எழுதுங்கள். திகதியையும் சேருங்கள். இரவு ஒன்பதுக்கு ஆட்கள் விழித்திருப்பார்கள், சந்தேகம் இருந்தால் தொலைபேசி எடுக்கலாம், நீங்களும் எண்ணிவிட்டுப் படுக்கலாம்.

இலங்கை நேரம் என்று போடக் காரணம், கொழும்புக் கிளை என்றாலும் எங்கள் அங்கத்தவர்களில் பாதிப்பேர் பிள்ளைகளிடம் போய் நிற்பவர்கள். வட்ஸ்அப் அவரவர் போனின் ஊர் நேரத்தைக் காட்டும். கோடையில் எங்கள் இரவு 9.00 லண்டனில் பின்னேரம் 4.30, ரொறன்ரோவில் காலை 11.30. குளிர்காலத்தில் அங்கே கடிகாரத்தை மாற்றுவதால் 3.30, 10.30 ஆகிவிடும். அறிவித்தலிலேயே மூன்று நேரத்தையும் எழுதிவிட்டால் பிரச்சினை இல்லை. இன்னொன்று, நல்லூர்த் தேர் வரும் கிழமையில் வைக்காதீர்கள். கொழும்பே யாழ்ப்பாணத்தில் நிற்கும், கையில் போன் இருந்தாலும் கவனம் அதில் இராது.

7. நான் ஒன்பதுக்கு முன்னமே அனுப்பினனான், ஸ்கிரீன்ஷொட்டும் கிடக்கு. நெட் இல்லாததுக்கு நான் என்ன செய்ய?

மூன்றாவது முறை வந்த சிக்கல் இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். செய்தி எழுதி அனுப்பும் பொத்தானை அமத்தியதும் உங்கள் திரையில் அந்த நேரம் விழும். ஆனால் பக்கத்தில் சின்னக் கடிகாரப் படம் இருந்தால் செய்தி இன்னும் உங்கள் போனை விட்டே புறப்படவில்லை. ஒரு சரி அடையாளம் வந்தால்தான் புறப்பட்டது, இரண்டு வந்தால் மற்றவரின் போனுக்குச் சேர்ந்தது. டேட்டா முடிந்த போனில் 8.52க்கு அமத்தியது, ரீலோட் போட்ட பிறகு 9.07க்குத்தான் எங்களிடம் வந்தது. அவருடைய ஸ்கிரீன்ஷொட்டில் 8.52 என்றுதான் இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தின் ஓரத்தில் கடிகாரம் தெளிவாகத் தெரிந்தது.

எங்கள் அறிவித்தலில் "வாக்கு இலக்கத்தின் போனில் காட்டும் நேரமே கணக்கு" என்று இருந்தது. ஆகவே நிராகரித்தோம். அதோடு 9.02க்கும் 9.40க்கும் வந்த வேறு இரண்டும் போயின. கணக்கு இப்படி: தொலைபேசியில் சொன்னவற்றையும் சேர்த்து வந்தவை 88. அதில் இரண்டு பேர் மாற்றி அனுப்பிய பழைய செய்திகள் 2, பிந்தியவை 3. மிச்சம் 83 வாக்குகள். செயலாளருக்கு இரண்டு வாக்குகள் பழுது, ஏனென்றால் இருவருக்கும் போட்டிருந்தார்கள். மிச்ச 81இல் ஒருவருக்கு 44, மற்றவருக்கு 37. பிந்திய மூன்றையும் சேர்த்தாலும் முடிவு மாறாது, அதில் சண்டை வரவில்லை.

பொருளாளர் பதவியில்தான் வந்தது வினை. ஒருவர் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தார், மிச்சம் 82. மூன்று வேட்பாளருக்கும் 30, 30, 22. அந்த 9.07 செய்தியில் ஒரு வாக்கு இருந்தது. போன் என் கையில் இருந்ததால் அது யாருக்கு என்று எனக்குத் தெரியும். ஏற்றால் ஒருவர் வெல்வார், விட்டால் சமன். எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் "தெரிந்துதான் செய்தான்" என்று சொல்ல வழி இருந்தது. நான் விதியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் அன்றிரவு நித்திரை கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு மாற்றம் செய்தோம். வாக்குப் போனின் திறப்பு இலக்கத்தை இரண்டாவது அலுவலரான இளைப்பாறிய ரீச்சர் ஒருவர் வைத்திருப்பார், போன் என்னிடம் இருக்கும். மூடிய திரையில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி மாற்றிவிட்டோம். பின்னேரத்தில் இருவரும் சேர்ந்து திறந்து "கிடைத்தது" அனுப்புவோம். கடைசி நாளில் 9.00 அடித்ததும் போனின் இணைப்பைத் துண்டித்துவிடுவோம், பிந்தி வருவது உள்ளேயே வராது. எண்ணி முடித்து, குறிப்பில் கையெழுத்து வைத்த பிறகே திரும்ப இணைப்போம்.

8. சமனா வந்தா என்ன செய்வீங்கள்? திரும்பவும் தேர்தலோ?

இரண்டில் ஒன்றை வாக்கெடுப்புக்கு முன்பே அறிவித்திருக்க வேண்டும்: சமன் பெற்ற இருவருக்கும் இடையில் மட்டும் இரண்டாவது வாக்கெடுப்பு, அல்லது திருவுளச்சீட்டு. நாங்கள் சீட்டு என்று போட்டிருந்தோம். இரண்டு வேட்பாளரும் வீடியோ அழைப்பில் இருக்க, ஒரே கடதாசியில் கிழித்த இரண்டு துண்டில் பெயரை எழுதி, மடித்துக் காட்டி, பால்மாப் பேணிக்குள் போட்டுக் குலுக்கினோம். எடுத்தது ரீச்சரின் பேத்தி. தோற்றவர் அங்கேயே வாழ்த்துச் சொன்னார்.

2024 ஜனாதிபதித் தேர்தலில் இரண்டாம் விருப்பு வாக்கை எண்ணியதைப் பார்த்த ஒருவர், நாங்களும் அப்படிச் செய்தால் என்ன என்று கேட்டார். மூன்று பேர் நிற்கும் பதவிக்கு அது நல்ல யோசனைதான். செய்தியில் "பொருளாளர் 1, பிறகு 3" என்று எழுதச் சொன்னால், 22 வாக்குப் பெற்றவரை நீக்கி, அவருக்குப் போட்டவர்களின் இரண்டாவது இலக்கத்தை மற்ற இருவருக்கும் சேர்த்திருக்கலாம். எங்கள் மூத்தவர்களுக்கு ஒரு இலக்கம் எழுத வைப்பதற்கே மூன்று அறிவித்தல் போட வேண்டியிருந்தது என்பதால் அதில் கை வைக்கவில்லை.

9. அம்மாட்ட ஸ்மார்ட் போன் இல்லை. என்ர போனில இருந்து அவவின்ர வாக்கை அனுப்பலாமோ?

கேள்வி 2இல் சொன்ன பட்டியலில் "எந்த இலக்கத்திலிருந்து" என்ற இடத்தில் உங்கள் இலக்கத்தைத் தந்திருந்தால் அனுப்பலாம். இல்லாவிட்டால் இல்லை. எங்கள் 112 பேரில் 9 பேர் குழுவில் இல்லாதவர்கள். அவர்களில் 4 பேர் பிள்ளைகளின் இலக்கத்தைத் தந்தார்கள். மற்ற 5 பேருக்கு நானும் ரீச்சரும் ஒரே அழைப்பில் இருந்தபடி தொலைபேசி எடுத்து, பெயர்களை வாசித்து, அவர்கள் சொன்னதைத் தனித்தனியே எழுதி ஒப்பிட்டோம். கொட்டாஞ்சேனையில் ஒரு ஐயா "எல்லாரும் நல்ல பிள்ளைகள், நீங்களே ஒண்டைப் போடுங்கோ" என்றார். அதை வெறுமை வாக்காகத்தான் பதிய முடிந்தது. செயலாளர் வாக்கை மட்டும் சொன்னார், கணக்கில் பொருளாளர் இடம் வெறுமையாக இருந்த அந்த ஒன்று இதுதான்.

10. ஆர் ஆருக்குப் போட்டது எண்டு உங்கள் ரெண்டு பேருக்கும் தெரியும்தானே. அப்ப என்ன இரகசியம்?

உண்மைதான், கேள்வி 5இல் சொன்ன முறை வேட்பாளரிடமிருந்தும் குழுவிடமிருந்தும் மறைக்கிறது, எங்களிடமிருந்து அல்ல. அதனால்தான் அலுவலர் போட்டியிடாதவராகவும், போட்டியிடுபவரின் வீட்டார் அல்லாதவராகவும் இருக்க வேண்டும். வேறு பாடசாலைச் சங்கத்து ஆளைக் கேட்டாலும் தப்பில்லை.

இதைவிட இறுக்கம் வேண்டும் என்றால் வேலையை இரண்டாகப் பிரிக்கலாம். ஒரு அலுவலர் நான்கு இலக்கக் குறியீடுகளைச் சீட்டுப்போல் கலந்து ஆளுக்கொன்றாக அனுப்புவார், எந்தக் குறியீடு யாருக்கு என்பது அவரிடம் மட்டும். மற்றவர் ஒரு கூகுள் படிவம் வைத்திருப்பார். அதில் குறியீட்டையும் வாக்கையும் மட்டும் கேட்க வேண்டும், பெயரோ மின்னஞ்சலோ சேகரிக்கக் கூடாது. வாக்கைப் பார்ப்பவருக்கு ஆள் தெரியாது, ஆளை அறிந்தவருக்கு வாக்குத் தெரியாது. இருவரும் கூட்டுச் சேர்ந்தால் உடையும், அவ்வளவுதான். நடைமுறையில் வரும் தொல்லை வேறு: குறியீட்டைப் பிழையாக அடிப்பவர்கள். இல்லாத குறியீடு வந்தால் அது யார் என்று கண்டுபிடித்துத் திருப்பிக் கேட்க முடியாது, அந்த வாக்குப் போய்விடும்.

11. ஒரு பதவிக்கு ஒரே ஒரு பேர்தான் வந்திருக்கு. அதுக்கும் வாக்கோ?

தேவையில்லை. மீளப் பெறும் நாள் முடிந்ததும் போட்டியின்றித் தெரிவு என்று அறிவித்துவிடுங்கள். ஒரு பெயரும் வராவிட்டால் பிரேரணையை இரண்டு நாள் நீட்டலாம், அந்தப் பதவிக்கு மட்டும். எங்களுக்கு உப செயலாளர் பதவி ஒவ்வொரு முறையும் இப்படித்தான்.

12. எல்லாம் முடிஞ்சுது. வங்கிக்குப் போனா, குறூப் மெசேஜைக் காட்டிக் கணக்கில கையெழுத்து மாத்தேலாது எண்டுறாங்கள்.

வங்கி கேட்பது கூட்டக் குறிப்பின் உறுதிப்படுத்திய பிரதியை: எந்தத் திகதி கூட்டம், யார் பிரேரித்தார், யார் ஆமோதித்தார், பழைய கையொப்பக்காரர் யார், புதியவர் யார். கேள்வி 1இல் சொன்ன பொதுக்கூட்ட ஏற்பு இருந்தால் அந்தக் குறிப்பே போதும். அதில் புதிய தலைவர், செயலாளர், பொருளாளரின் பெயர்களை அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். எங்கள் குறிப்பில் எல்லோரும் அழைக்கும் வீட்டுப் பெயரை எழுதி, காலி வீதியில் இரண்டு முறை வங்கிக்கு நடந்தோம்.

கையெழுத்து மாறும் வரை பழைய பொருளாளரை விட்டுவிடாதீர்கள், காசோலை அவர் கையில்தான் நிற்கும். வாக்குப் போனையும் உடனே துடைக்க வேண்டாம். முடிவு அறிவித்த நாளிலிருந்து முறைப்பாட்டுக்கு ஏழு நாள் விடுகிறோம். அது முடிந்து, பொதுக்கூட்டமும் முடிந்த பிறகு ரீச்சரின் முன்னால் செய்திகளை அழித்துவிட்டுச் சிம்மை ஒரு கடித உறையில் போட்டுச் செயலாளரிடம் கொடுத்துவிடுவேன்.